அக்காவின் சாப்பாட்டில் ஒரு கணக்குப் பிழை

அண்மையில் என் மாணவன் ஒருவன் ஒரு தாளோடு வந்தான். "சார், எங்க அக்காவுக்கு இது ஐந்தாவது மாதம். 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்'னு பாட்டி அதட்டுறாங்க. நான் கலோரிக் கணக்குப் போட்டேன். அக்கா ஏற்கெனவே தேவைக்கு மேலேயே சாப்பிடறாங்க!" என்றான். தாளைப் பார்த்தேன். பெருக்கல், கூட்டல் எல்லாம் சரி. ஆனாலும் விடை தவறு! பிழை எங்கே என்று நாமும் தேடுவோமா?

முதலில், தேவை எவ்வளவு? உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றல் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள, கடும் உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரி வேண்டும். நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிக்கு இதோடு 350 கலோரி கூட்டவேண்டும். ஆக மொத்தம் 2010.

கவனித்தீர்களா? கூடுதல் தேவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டு மடங்கு அல்ல. ஐந்தாம் மாதத்தில் கரு அரைக்கிலோகூட இராது. ஆனால் தாயின் இரத்தம் பெருகுகிறது, கருப்பை வளர்கிறது, இதயம் கூடுதலாக வேலை செய்கிறது, பின்னால் பாலூட்டுவதற்காக உடலில் கொழுப்பும் சேர்கிறது. இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த 350.

இனி மாணவனின் தாளைப் பார்ப்போம். அக்கா அன்று மதியமும் இரவும் சேர்த்து 500 கிராம் சோறு சாப்பிட்டார். அட்டவணையில் "அரிசி, 100 கிராமுக்கு 350 கலோரி" என்று இருந்தது. அவன் ஐந்தால் பெருக்கி 1750 என்று எழுதிவிட்டான். பிழை இங்கேதான்! அட்டவணையில் உள்ளது உலர்ந்த அரிசி. தட்டில் இருந்ததோ சோறு. அரிசி வேகும்போது நீரை உறிஞ்சுகிறது. எடை கூடும்; ஆனால் நீரில் கலோரி கிடையாது.

"அப்படியானால் சோற்றை எப்படிக் கணக்கிடுவது, சார்?" என்று கேட்டான். வழி எளிது. உலையில் இடும் முன் அரிசியை நிறுத்துக்கொள். வெந்த பின் மொத்தச் சோற்றையும் நிறுத்துப் பார். மறுநாள் அப்படியே செய்து வந்தான். கஞ்சி வடிக்காமல் வேகவைத்த 540 கிராம் அரிசி 1500 கிராம் சோறாயிற்று. அக்காவின் 500 கிராம் அதில் மூன்றில் ஒரு பங்கு. எனவே அவர் உண்டது 180 கிராம் அரிசி. அதாவது 630 கலோரி. வித்தியாசம் 1120!

குழம்பிலும் எண்ணெயிலும் இதே பங்கு முறையைக் கையாண்டு, அக்காவின் அன்றைய உணவைச் சமைக்காத பொருள்களாக மாற்றி எழுதினோம்:

சோற்றுக்கு அரிசி 180 கிராம் – 630
இட்லிக்கு அரிசி 70 கிராம் – 245
பருப்பு வகைகள் 60 கிராம் – 200
பால், தயிர் 350 மி.லி. – 230
எண்ணெய் 20 கிராம் – 180
சர்க்கரை 20 கிராம் – 80
காய், கீரை 200 கிராம் – 60
தேங்காய் 15 கிராம் – 60
மொத்தம் – 1685 கலோரி

அவனுடைய பழைய கணக்கில் இது 2805. தேவைக்கு 800 கலோரி மிகுதி என்று காட்டியது அது. உண்மையிலோ 325 கலோரி குறைவு! கூடுதலாக வேண்டிய 350-இல் ஏறத்தாழ முழுவதுமே அக்காவுக்குக் கிடைக்கவில்லை. "சாப்பாட்டைக் குறைச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன், சார்" என்றான் மெல்லிய குரலில்.

குறையை ஈடுசெய்யப் பெரிய விருந்து தேவையில்லை. வறுத்த நிலக்கடலை 30 கிராம் (170), ஒரு வாழைப்பழம் (100), இன்னும் 100 மி.லி. பால் (65): மொத்தம் 335. குறை தீர்ந்தது. கடலையும் பாலும் புரதத்தையும் தருகின்றன.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. இட்லி ஒரே அளவில் இராது; ஒரு நாள் உணவு மறுநாள் இராது. எனவே மூன்று நாள் எழுதிச் சராசரி காண்பது நல்லது. வயலில் உழைக்கும் பெண்ணுக்கு 1660 போதாது, 2130-இலிருந்து தொடங்கவேண்டும். மேலும் கலோரி நிறைந்தாலும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். அதை இந்தக் கூட்டல் காட்டாது. சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

கணக்கு சரிதானா என்று சோதிக்க ஒரு கருவியும் உண்டு: எடை இயந்திரம்! இந்த மாதங்களில் எடை பொதுவாக மாதத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை ஏறும். மாணவனின் பழைய தாளில் 800 கலோரி மிகுதி. ஆனால் அக்காவின் மருத்துவமனை அட்டையிலோ, முந்தைய மாதம் ஏறியது அரைக்கிலோதான். அட்டையை முதலிலேயே பார்த்திருந்தால், தன் கணக்கில் எங்கோ பிழை என்று அவனுக்கே தோன்றியிருக்கும்!