சதுர அலையின் மூலையைப் பாருங்கள்

ஆசிலோஸ்கோப்பின் 10X புரோபுக்குள் 9 மெகா ஓம் மின்தடை இருக்கிறது. கருவியின் உள்ளீட்டில் 1 மெகா ஓம். இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கின்றன. கணக்கு இதோடு முடிந்தால் நல்லதுதான், முடிவதில்லை.

கேபிளுக்கும் கருவிக்கும் மின்தேக்கத் தன்மை உண்டு. இரண்டும் சேர்ந்து 108 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் ஏற ஏற, மின்னோட்டம் அந்த வழியாகத் தரைக்கு நழுவும். மின்தடைகள் மட்டுமே இருந்தால் 1,600 ஹெர்ட்ஸ் சுற்றிலேயே அளவு சரியத் தொடங்கிவிடும். ஆடியோவைக்கூட நம்பி அளக்க முடியாது.

இதற்கு மாற்று, மேலே உள்ள 9 மெகா ஓமுக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கி. மேலே மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கினால் வருவது, கீழே பெருக்கி வருவதற்குச் சமமாக வேண்டும். 108-ஐ 9-ஆல் வகுத்தால் 12 பிக்கோஃபாரட். அப்போது எந்த அதிர்வெண்ணிலும் பங்கு பத்தில் ஒன்றுதான்.

கருவிக்குக் கருவி உள்ளீட்டு மின்தேக்கம் மாறுவதால் திருகி அமைக்க வேண்டியிருக்கிறது. புரோபை 10X-இல் வைத்து, முனையைக் கருவியின் முகப்பிலுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் மாட்டுங்கள். ஏறும் மூலை மழுங்கியிருந்தால் ஈடு போதவில்லை. முனை எகிறிப் பின் தணிந்தால் ஈடு மிகுதி. மேல்விளிம்பு தட்டையாகும்வரை பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்புங்கள். உலோகத் திருப்புளி தானே மின்தேக்கத்தைக் கூட்டி ஏமாற்றும்.

புரோபை வேறு கருவிக்கோ சேனலுக்கோ மாற்றினால் மறுபடி சரிபாருங்கள்.