ஒரு சாவி கேட்டால்

பணி நியமனக் கடிதம் வந்துவிட்டது, சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் படம், பில்லி வைல்டர் 1960-ல் எடுத்த ‘தி அபார்ட்மென்ட்’.

நியூயார்க்கில் பெரியதொரு காப்பீட்டு நிறுவனம். 19-வது மாடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் மேசைகள். அதில் 861-ம் எண் மேசை பேக்ஸ்டருடையது. ஜாக் லெமன் நடித்திருக்கிறார். அந்தக் கூடத்தின் நீளத்தைக் காட்ட, பின்வரிசை மேசைகளைச் சிறிதாகச் செய்து குள்ளமானவர்களை உட்காரவைத்து எடுத்தார்கள். அத்தனை பேரில் ஒருவனாக இருந்து மேலே போக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதில் தப்பே இல்லை.

சறுக்கல் ஆரம்பிப்பது ஓர் உதவியில். விருந்துக்குப் போகும் சக ஊழியர் உடை மாற்ற இடம் கேட்கிறார். நம் வீடு கிட்டேதானே என்று சாவியைக் கொடுக்கிறான். விஷயம் பரவுகிறது. படம் தொடங்கும்போது நான்கு மேலாளர்கள், மனைவிக்குத் தெரியாமல் பெண்களைச் சந்திக்க, அந்த வீட்டை முறைவைத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவன் வாசலில் குளிரில் நிற்கிறான்.

ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள். இரவைப் பூங்கா பெஞ்சில் கழித்ததால் சளி, காய்ச்சல். தன் வீட்டில் தான் படுக்க ஒரு ராத்திரி வேண்டும். அதற்கு ஒரு மேலாளரைக் கூப்பிட்டு நாளை மாற்றச் சொல்ல வேண்டும். அவர் மாற, இன்னொருவர் மாற வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் போன் செய்கிறான். யாரும் அவனை மிரட்டுவதில்லை. பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்வதாக நல்லபடியாகவே பேசுகிறார்கள்.

என் முதல் வேலையில் மேலாளர் ஒருநாள், “தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால போட்டுடுப்பா” என்றார். போட்டேன். அடுத்த மாதம் அவர் கேட்கக்கூட இல்லை, தாளை நீட்டினார். பேக்ஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

அவனுக்குத் தனி அறை கிடைக்கிறது. பெரிய அதிகாரி ஷெல்ட்ரேக்கும் சாவி கேட்கிறார். அவர் கூட்டிவருவது, இவன் மனசுக்குள் விரும்பும் லிஃப்ட் பெண் ஃபிரான். கடைசியில் அவர் மறுபடி கேட்கும்போது இவன் எந்தச் சாவியை மேசைமேல் வைக்கிறான் என்பதைப் படத்தில் பாருங்கள்.

இதோடு 2009-ல் வந்த இந்திப் படம் ‘ராக்கெட் சிங்’கையும் சேர்த்துப் பார்க்கலாம். ரன்பீர் கபூரின் ஹர்பிரீத், கம்ப்யூட்டர் விற்கப் போன இடத்தில் லஞ்சம் கேட்டவர்மேல் புகார் எழுதிப் போடுகிறான். முதல் தடவையிலேயே மறுத்ததற்குக் கிடைப்பது அவமானம். சகாக்கள் காகித ராக்கெட் எறிகிறார்கள். பிறகு அந்த அலுவலகத்துக்குள்ளேயே ரகசியமாகச் சொந்த வியாபாரம் நடத்துகிறான். அதுவும் நேர்மையில்லைதான். அவனுக்கும் அது தெரியும். அதனால்தான் முதலாளியின் செலவில் தான் பயன்படுத்தியதையெல்லாம், பிறகு திருப்பித் தர, ஒரு நோட்டில் எழுதிவைக்கிறான்.