கறுப்புக்குள் கரையும் கோடு

நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கத் தொடங்கினால், எக்ஸ்ரேயில் அதற்குச் சாட்சியாக இருப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய கோடுதான். அதுவும் படத்தின் மிகக் கறுப்பான பகுதியில், பக்கத்தில் இருக்கும் கறுப்பைவிடச் சற்றே வெளுத்துத் தெரியும். இன்று மருத்துவர்கள் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பது அரிது, மானிட்டரில்தான் பார்க்கிறார்கள். அந்தக் கோடு கண்ணில் படுமா என்பதில் மானிட்டருக்கும் பங்கு உண்டு.

புகைப்படக்காரரும் அச்சகத்தாரும்கூட மானிட்டரைக் காலிபிரேட் செய்கிறார்கள். அவர்களுடைய தேவை வேறு. திரையில் தெரியும் சேலையின் சிவப்பு அச்சிலும் அதே சிவப்பாக வர வேண்டும். ஒப்பிட ஓர் அசல் இருப்பதால், நிறம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் அளப்பார்கள். எக்ஸ்ரேக்கு அப்படி அசல் நிறம் என்று எதுவும் இல்லை. 256 சாம்பல் படிகளில் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து கண்ணுக்கு ஒரே அளவு வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதே அங்கே தேவை.

இதற்கான விதி டைகாம் தரநிலையின் 14ஆம் பகுதியில் இருக்கிறது. பீட்டர் பார்டன் வகுத்த கண்பார்வை மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, சதுர மீட்டருக்கு 0.05 கேண்டெலா ஒளிர்விலிருந்து ஏறக்குறைய 4000 கேண்டெலா வரையுள்ள வெளிச்சத்தை 1023 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் சராசரிக் கண்ணுக்குப் புலப்படும் மிகச் சிறிய வேறுபாடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மானிட்டரின் கறுப்பு 1 கேண்டெலா, வெள்ளை 350 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே பார்க்கும் மானிட்டருக்கு இது வழக்கமான அளவு. இந்த இடைவெளியில் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடுகள் சுமார் 580. டைகாம் விதி அவற்றை 256 சாம்பல் நிறங்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. அதனால் முழுக் கறுப்பிலிருந்து முதல் ஐந்து படி ஏறுவதற்குள் 11 வேறுபாடுகள் கிடைக்கின்றன. இதே மானிட்டரை வண்ண வேலைக்கு வழக்கமான காமா 2.2க்கு மாற்றினால், அதே ஐந்து படிக்குக் கிடைப்பது இரண்டரைதான். நடுச் சாம்பலோ 41 கேண்டெலாவிலிருந்து 78க்கு ஏறிவிடும். படம் பளிச்சென்று அழகாகத் தெரியும். கறுப்புப் பகுதியில் இருக்கும் கோடு அமுங்கிப்போகும்.

வண்ண வேலையில் திருத்தத்தை ஒரு ஐ.சி.சி. கோப்பாகக் கணினியில் வைத்து, மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். எக்ஸ்ரே பார்க்கும் மென்பொருள் அதைப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கிராபிக்ஸ் கார்டில் 8 பிட் அளவிலேயே திருத்தினாலோ, பக்கத்துப் பக்கத்துப் படிகள் சில ஒன்றாகிவிடும், 256 நிறம் 256ஆக இருக்காது. ஆகவேதான் மருத்துவ மானிட்டர்கள் 10 பிட்டுக்கும் அதிகமான நுணுக்கம் கொண்ட அட்டவணையைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

திருத்தம் சரியாக நடந்ததா என்று பார்க்க, 0, 15, 30 என்று 255 வரை 18 சாம்பல் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, ஒளிமானியால் அளப்பார்கள். மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்து சூடான பிறகே அளக்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் உள்ள வேறுபாடு விதியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. கருவி இல்லாமலும் ஓரளவு சோதிக்கலாம். டி.ஜி.18 கியூ.சி. என்ற சோதனைப் படத்தில் கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்று பின்னணிகளில் ஒரே வாசகம் எழுத்துக்கு எழுத்து மங்கிக்கொண்டே போகும். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எழுத்து வரை படிக்க முடிய வேண்டும். கறுப்பில் மட்டும் சீக்கிரம் மறைந்தால் கீழ்ப்படிகள் அமுங்கியிருக்கின்றன என்று பொருள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஜன்னல் வெளிச்சம் காரியத்தைக் கெடுத்துவிடும். அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி 3 கேண்டெலா கூடினால், 1ஆக இருந்த கறுப்பு 4 ஆகிறது. 580 வேறுபாடுகளில் எழுபதுக்கு மேல் போய்விடும், போவதெல்லாம் கறுப்புப் பக்கத்திலிருந்துதான். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவு ஒளி வசதியைப் போடுவதும், தானாகக் கூடிக் குறையும் பிரகாசமும் திருத்தத்தையே குலைத்துவிடும்.

இந்த விதிக்கும் ஓர் எல்லை உண்டு. கண் ஒவ்வொரு சாம்பலுக்கும் தனித்தனியே பழகிக்கொள்ளும் என்று பார்டன் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கண் படத்தின் சராசரி வெளிச்சத்துக்கே பழகுகிறது. வெளுத்த இதயத்தின் பக்கத்திலுள்ள கறுப்பு, கணக்கில் உள்ளதைவிட மங்கலாகத்தான் தெரியும். அதனால் மருத்துவர் படத்தின் பிரகாசத்தையும் மாறுபாட்டையும் மாற்றிமாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்களும் ஸ்கேன் மையம் நடத்துபவர்களும், புது மானிட்டர் வாங்கும்போது அதன் தெளிவுத்திறனோடு நின்றுவிடாமல், உங்கள் அறையில் வைத்து அளந்த 18 கட்ட அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.