விரதப் பாக்கெட்டின் பின்பக்கம்

நவராத்திரி நெருங்கினால் டெல்லி, லக்னோ மளிகைக் கடைகளில் ஓர் அலமாரியே மாறிவிடும். கோதுமை மாவு பின்வரிசைக்குப் போக, குட்டு மாவும் சிங்காரா மாவும் ராஜ்கிரா மாவும் முன்னே வரும். பக்கத்தில் சாபுதானா என்று அங்கே அழைக்கப்படும் ஜவ்வரிசியும், சேந்தா நமக் எனப்படும் இந்துப்பும் இருக்கும். ஒன்பது நாளும் அரிசி, கோதுமை, பருப்பு, சாதாரண உப்பு எதுவும் சேர்க்காத வீடுகளுக்கு இவைதான் சாப்பாடு. ஏகாதசிக்கு மகாராஷ்டிரத்தில் ஜவ்வரிசிக் கிச்சடி செய்வதும் இதே கணக்கில்தான்.

குட்டு என்பது பக்வீட். புல் இனத்துத் தானியம் அல்ல, வேறு குடும்பத்துச் செடியின் விதை. ராஜ்கிரா கீரை விதை, சிங்காரா குளத்தில் விளையும் காய், ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு. நான்கும் தானியம் இல்லை என்பதால்தான் விரதத்தில் இவற்றுக்கு இடம். ஆகவே இந்தப் பாக்கெட்டுகளில் தேட வேண்டியது ஒன்றே: தானியம் எதுவும் ஒளிந்திருக்கிறதா? கோதுமை இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மக்காச்சோளமும் அரிசியும் இருந்தால் கடினம்.

முதலில் முன்பக்கத்தை மறந்துவிடலாம். ‘விரத ஸ்பெஷல்’ என்ற எழுத்துக்குப் பச்சைப் புள்ளி போல அரசு முத்திரை எதுவும் இல்லை. பச்சைப் புள்ளியும் சைவம் என்று மட்டுமே சொல்கிறது; மைதா பாக்கெட்டிலும் அது உண்டு. ‘குளூட்டன் இல்லாதது’ என்பதும் போதாது. அரிசியிலும் சோளத்திலும் கோதுமையில் உள்ள குளூட்டன் கிடையாது, ஆனால் இரண்டும் தானியமே.

பின்பக்கத்தில் படிக்க வேண்டியவை இரண்டு வரிகள். ஒன்று, சேர்பொருள் பட்டியல். எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. இரண்டாவது, ஒவ்வாமை எச்சரிக்கை. கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், பால், சோயா, நிலக்கடலை இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் அரிசியும் மக்காச்சோளமும் இல்லை. கோதுமை அங்கே மாட்டிக்கொள்ளும். மற்ற இரண்டும் தப்பிவிடும்.

விரதத்துக்கான தயார் மாவுக் கலவை ஒன்றின் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ராஜ்கிரா மாவு, குட்டு மாவு, ஸ்டார்ச், இந்துப்பு, சீரகம், கூட்டுப் பெருங்காயம், கட்டிபடாமல் தடுக்கும் பொருள் 551. கடைசியில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். அது சிலிக்கா, கனிமப் பொருள். தானியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கவனிக்க வேண்டியது மூன்றாவதாக நிற்கும் ஸ்டார்ச். ரசாயன மாற்றம் செய்யாத ஸ்டார்ச்சுக்கு அந்தப் பொதுப் பெயரை மட்டும் போட லேபிள் விதி இடம் தருகிறது. அது மரவள்ளியா, சோளமா என்று தெரியாது. உப்புக்கு முன்னால் இருப்பதால் உப்பைவிடக் குறையாத அளவில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி. ‘மரவள்ளி ஸ்டார்ச்’ என்று பெயரோடு எழுதியிருந்தால் கவலையில்லை.

அடுத்தது கூட்டுப் பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் பிசினோடு மைதாவோ அரிசி மாவோ கோந்தோ கலந்தது. மைதா என்றால் ஒவ்வாமை வரியில் ‘கோதுமை உள்ளது’ என்று வரும். அரிசி மாவு என்றால் அந்த வரி வாய் திறக்காது. விரதக்காரர்களுக்குப் பாதுகாப்பு, பெருங்காயமே சேராத பாக்கெட்.

ஜவ்வரிசிக்கு வருவோம். நாட்டின் ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் இருந்துதான் வடக்கே போகிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் அங்கேதான். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கை அரைத்து, பால் எடுத்து, தெளியவைத்து, அடியில் படியும் மாவை உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. மரவள்ளி அல்லது சேகோ பனையின் மாவில் செய்ததே ஜவ்வரிசி என்கிறது உணவுத் தர விதி. ஆனால் கிழங்கு விலை ஏறும் காலத்தில் மலிவான மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கலக்கிறார்கள் என்ற புகாரும், அதையொட்டிய அதிகாரிகளின் சோதனையும் சேலத்துக்குப் புதிதல்ல.

இந்தக் கலப்படத்தை எந்த லேபிளும் ஒப்புக்கொள்ளாது. வீட்டுச் சோதனையும் உதவாது. அயோடின் சொட்டு விட்டால் இரண்டு ஸ்டார்ச்சுமே நீலமாகும். நுண்ணோக்கியில்தான் வித்தியாசம் தெரியும்: சோளத் துகளுக்குப் பல கோணங்கள் இருக்கும், மரவள்ளித் துகள் ஒரு பக்கம் வெட்டிய உருண்டைபோல இருக்கும்.

மாவு விஷயத்தில் வீட்டுச் சோதனை கொஞ்சம் கைகொடுக்கும். குட்டு மாவில் குளூட்டன் இல்லை. அதனால் பிசைந்த மாவை இழுத்தால் நீளாமல் பிய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்து, பிறகு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்க வேண்டும். சுத்தமான குட்டு மாவு கரைந்து போகும். ரப்பர்போல ஒட்டும் பிண்டம் கையில் தங்கினால் கோதுமை கலந்திருக்கிறது. ஆனால் சிறிதளவுக் கோதுமையும், எவ்வளவு அரிசியும் சோளமும் இதில் சிக்காது.

குட்டு மாவில் தானியத்தைவிடப் பெரிய ஆபத்து பழைய மாவு. சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். 2011 ஏப்ரலில் நவராத்திரியின்போது டெல்லியில் குட்டு மாவு சாப்பிட்ட 200-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2025-ல் டேராடூனிலும் இதே கதை நடந்தபின், திறந்த மூட்டையில் குட்டு மாவு விற்க உத்தராகண்ட் அரசு தடை விதித்தது. மூட்டை மாவுக்கு லேபிளே கிடையாது, அரைத்த தேதியும் தெரியாது. முழுக் குட்டு விதையை வாங்கிப் பொறுக்கி, தேவைக்கு அரைத்துக்கொண்டால் கலப்படம், பழசு என்ற இரண்டு கவலையும் குறையும்.

இந்துப்பில் தானியத்துக்கு இடமில்லை. அங்கே கேள்வி வேறு: அது இந்துப்புதானா, சாதாரண உப்பா? பெயர் வரியில் ‘பாறை உப்பு’ என்று இருக்க வேண்டும். ‘அயோடின் சேர்த்தது’ என்றால் பொட்டாசியம் அயோடேட் கலந்திருக்கும். சாதாரண உப்பில் அயோடின் கட்டாயம் என்பது அரசு விதி. கட்டிபடாமல் இருக்க 535, 536 என்ற எண்களில் ஃபெரோசயனைடு உப்புகளும் சேர்க்கப்படலாம். இவை அனுமதிக்கப்பட்ட அளவில் உடலுக்குக் கெடுதல் இல்லை. பதப்படுத்தாத உப்புதான் விரதத்துக்கு ஆகும் என்று கருதும் குடும்பங்கள், சேர்பொருள் பட்டியலில் பாறை உப்பு ஒன்றே உள்ள கல் உருவத்தை வாங்கிப் பொடிக்கிறார்கள்.

எது விலக்கு என்பதிலேயே வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. வடக்கே நவராத்திரிக்குச் சாமா அரிசி என்று பொங்கப்படும் குதிரைவாலி, தாவரவியல்படி தானியமே. ஏகாதசியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களில் பலர் அதைத் தொடமாட்டார்கள். அவரவர் வீட்டு விலக்குப் பட்டியலை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போவது நல்லது.

கடையில் செய்ய வேண்டியது எளிது. வெறும் ‘ஸ்டார்ச்’ என்று எழுதிய பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடலாம். வாங்கிய ஜவ்வரிசி மீதோ மாவின் மீதோ சந்தேகம் தீராவிட்டால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அந்தப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்க உரிமை தருகிறது.