சித்த மருத்துவரின் அறிமுகக் குறிப்பை வாசிப்பது எப்படி?

"ஐந்து தலைமுறைப் பாரம்பரியம். அரசு பதிவு பெற்றது. 20 ஆண்டு அனுபவம். சர்க்கரை நோய் 48 நாளில் வேரோடு நீங்கும்." நம் ஊர்களில் புதிதாகச் சித்த மருத்துவமனை திறக்கும்போது இப்படி ஒரு துண்டறிக்கை கைக்கு வருவதுண்டு. இதில் நோயாளிக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இல்லை. கடைசி வரி சட்டப்படியே குற்றம்.

முதலில் படிப்பு. சித்த மருத்துவத்துக்கான பட்டம் பி.எஸ்.எம்.எஸ்.; ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ். இரண்டுமே நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. அதற்கு மேல் மூன்றாண்டு படித்தால் எம்.டி. ஒழுங்கான குறிப்பில் பட்டத்தோடு கல்லூரியும் இருக்கும்: பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியா, சென்னை அரும்பாக்கமா, தனியார் கல்லூரியா? எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு? வர்மம், யோகா என்று சில வாரப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழ்களும் பெயருக்குப் பின்னால் எழுத்துகளாக வரிசைகட்டுவது உண்டு. அவை பட்டம் ஆகா.

அடுத்து "அரசு பதிவு". பலரும் ஏமாறுவது இங்கேதான். அறக்கட்டளையைப் பதிவு செய்தாலும் அது அரசுப் பதிவுதான். கடைக்கு வாங்கிய உரிமமும் அப்படியே. மருத்துவமனைக் கட்டடத்துக்கெனத் தனிப் பதிவு உண்டு. இவற்றில் எதுவும் அங்கே நாடி பிடிப்பவர் மருத்துவர் என்று சொல்லாது. மருத்துவரின் பதிவு அவர் பெயரில் இருக்கும் பதிவு. தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில். ஆயுர்வேத மருத்துவர்களை, தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியம். எனவே பதிவு எண்ணோடு அதைக் கொடுத்த கவுன்சிலின் பெயரும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அந்தக் கவுன்சிலிலேயே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது? மருத்துவர் சங்க உறுப்பினர் எண்ணும் இதற்கு ஈடாகாது.

பாரம்பரியத்தைச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. தாத்தா கிண்டிய லேகியத்தைப் பார்த்து வளர்ந்தவர் அதைப் பெருமையாகவே எழுதலாம். ஆனால் அது பதிவுக்கு மாற்று அல்ல. கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவத்தையும் எண்ணிக்கையாகச் சொல்வதைவிட, பதிவு பெற்ற ஆண்டைச் சொன்னால் போதும். மிச்சத்தை வாசிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இனி அந்த 48 நாள். மருந்துகள், மாய மருந்துகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் வந்த சட்டம், நோய்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, ரத்தக் கொதிப்பு, பக்கவாதம், உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. இவற்றை ஒரு மருந்து குணமாக்கும் என்று மட்டுமல்ல, தணிக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிவு பெற்ற மருத்துவருக்கு ஒரு விலக்கு இருக்கிறது: பட்டியலில் உள்ள நோய்க்கு இங்கே சிகிச்சை பார்க்கப்படும் என்று தன் மருத்துவமனை வளாகத்தில் பலகை வைக்கலாம். அதுவும் சிகிச்சை பார்ப்பதைத் தெரிவிக்கத்தான். குணமாகும் என்று உறுதி கொடுக்க அல்ல.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. "வேரோடு நீங்கும்" என்பதை நம்பி இன்சுலினை நிறுத்திவிடும் நோயாளிக்கு, சில நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து வரலாம். அந்த ஒரு வரியை எழுதியவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

அதே மருத்துவர் தன் குறிப்பை இப்படி எழுதியிருக்கலாம்: "பி.எஸ்.எம்.எஸ்., அரசு சித்த மருத்துவக் கல்லூரி, பாளையங்கோட்டை, 2004. தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். பதிவு எண் இது. எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாகச் சித்த வைத்தியம் பார்க்கிறோம். நேரில் பார்த்துப் பரிசோதித்த பிறகே மருந்து தரப்படும். பலன் ஆளுக்கு ஆள் மாறும். இப்போது சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்துச் சீட்டையும் அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கொண்டு வாருங்கள்."

இதைப் படித்ததும் கூட்டம் அலைமோதாதுதான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அவர் பதில் சொல்ல முடியும். உங்கள் ஊர் வைத்தியரிடம் போகும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் பெயரையும் கேளுங்கள். முறையாகப் படித்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.