அடுத்து போனை எடுப்பவருக்கு

“சொல்லுங்க மேடம், உங்களுக்கு என்ன பிரச்சினை?”

முதல் முறை கூப்பிடும்போது இந்தக் கேள்வி மரியாதையாகத் தெரியும். அதே புகாருக்காக மூன்றாம் முறை கூப்பிடும்போது ஆத்திரம் வரும். “எல்லாத்தையும் போன வாரமே சொன்னேனே!” என்று நாம் குரலை உயர்த்துகிறோம். மறுமுனையில் இருப்பவருக்கோ நாம் யாரிடம் என்ன சொன்னோம் என்பது தெரியாது. அவருடைய திரையில் இருப்பது, முந்தைய ஏஜென்ட் எழுதிவிட்டுப் போன இரண்டு மூன்று வரிகள்தான். கால் சென்டர்களில் அதை ‘நோட்ஸ்’ என்பார்கள்.

அந்த வரிகள் எழுதப்படும் நேரம் மிகக் குறைவு. வாடிக்கையாளர் போனை வைத்ததும், அடுத்த அழைப்பு விழுவதற்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளிக்கு ‘ராப்-அப்’ என்று பெயர். புகாரின் வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது, டிக்கெட்டை உரிய பிரிவுக்குத் தள்ளுவது, நோட்ஸ் எழுதுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஓர் அழைப்புக்கு ஒருவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று கணக்கிடும்போது பேசிய நேரத்தோடு இந்த நேரமும் சேரும். ஆகவே கை தானாகச் சுருக்கி எழுதுகிறது: “வாடிக்கையாளர் அழைத்தார். நெட் பிரச்சினை. அடிப்படைச் சோதனைகள் முடிந்தன. மேலே அனுப்பப்பட்டது.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்குப் பயன்படும் செய்தியும் எதுவும் இல்லை.

இந்தக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பார்க்க, கண்ணாடியிழை இணைய இணைப்புகளில் வழக்கமாக வரும் ஒரு கோளாறை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆளும் தேதியும் கற்பனை. கோளாறு உண்மையில் நடக்கக்கூடியது.

ஓர் ஆசிரியை வீட்டில் மாலை நேரத்தில் இணையம் விட்டுவிட்டுப் போகிறது. ஞாயிறு மாலை கூப்பிடுகிறார். ஏஜென்ட் மோடத்தை அணைத்துப் போடச் சொல்கிறார். இணைப்பு வந்துவிடுகிறது, ‘சரியானது’ என்று டிக்கெட் மூடப்படுகிறது. திங்கள் மாலை மறுபடியும் போகிறது. இம்முறை எடுப்பவர் வேறொருவர். அவரும் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு, லைன்மேனை அனுப்பப் பதிவு செய்கிறார். செவ்வாய் காலை லைன்மேன் வரும்போது இணைப்பு ஒழுங்காக இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மோடத்தில் செருகியிருக்கும் மஞ்சள் ஒயரை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார். இரண்டாவது டிக்கெட்டும் மூடப்படுகிறது. புதன் மாலை இணையம் மறுபடியும் போய்விடுகிறது.

இந்த மூன்று நாளும் அந்த அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: “தெருவில் மரக்கிளை வெட்டினாங்களே, அன்னியிலேர்ந்துதான் சார் இப்படி.” கேட்டவர்களுக்கு அது வாடிக்கையாளரின் புலம்பலாகத் தெரிந்தது, யாரும் எழுதவில்லை. கோளாறு எங்கே என்பதற்கு அதுதான் நேரடித் துப்பு.

புதன்கிழமை போனை எடுத்தவர் எழுதிய குறிப்பைப் பார்ப்போம்.

“புகார்: ஒரு வாரமாக மாலையில் இணையம் விட்டுவிட்டுப் போகிறது. ஜூன் 5 வியாழன் தெருவில் மரக்கிளை வெட்டிய பிறகு தொடங்கியதாகச் சொல்கிறார். காற்றடிக்கும்போது அதிகம் என்கிறார். இணைப்பு போகும்போது மோடத்தில் LOS விளக்கு சிவப்பாகிறது. இதே புகாருக்கு இது மூன்றாவது அழைப்பு.

செய்தவை: (1) மஞ்சள் ஒயரைக் கழற்றிச் செருகச் சொன்னேன்; சிவப்பு விளக்கு மாறவில்லை. (2) துண்டிப்புப் பதிவைப் பார்த்தேன். ஐந்து முறையும் ஒளி இழப்பு என்றே இருக்கிறது, மின்தடை இல்லை. (3) மோடத்துக்கு வரும் ஒளியளவு ஜூன் 3-இல் மைனஸ் 22 டிபிஎம். இன்று துண்டிப்பதற்குச் சற்று முன் மைனஸ் 29. (4) ரீஸ்டார்ட் ஞாயிறும் திங்களும் செய்தாகிவிட்டது, மறுபடி கேட்க வேண்டாம். மஞ்சள் ஒயர் செவ்வாய் மாற்றப்பட்டது. கம்பத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

என் ஊகம்: கிளை வெட்டியபோது அந்த கேபிள் மடங்கியிருக்கலாம்.

சொன்ன வாக்கு: ஜூன் 12 வியாழன் காலை 10 முதல் 1 மணிக்குள் லைன்மேன் வருவார், கிளம்புமுன் செல்போனில் அழைப்பார். வீட்டு போனும் இதே இணைப்பில்தான் ஓடுகிறது, அதில் அழைக்க வேண்டாம். கட்டணக் கழிவு கேட்டார்; கோரிக்கையைப் பதிந்திருக்கிறேன், கிடைக்கும் என்று சொல்லவில்லை.”

புகார் பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியது, வாடிக்கையாளர் சொன்னது அவர் சொன்னபடியே இருப்பது. ‘நெட் ஸ்லோ’ என்பது பட்டியலில் உள்ள பெயர். ‘காற்றடிக்கும்போது போகிறது’ என்பது அந்த வீட்டில் நடப்பது. எப்போது தொடங்கியது, எப்போதெல்லாம் வருகிறது, அப்போது கண்ணுக்கு என்ன தெரிகிறது என்ற மூன்றும் இருந்தால், அடுத்து படிப்பவர் கோளாறைப் பாதி அடையாளம் கண்டுவிடுவார். LOS விளக்கு சிவந்தால் மோடத்துக்கு ஒளி வரவில்லை என்று பொருள். வைஃபை பலவீனமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு சொல் குறிப்பில் இருந்தால், “மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க” என்ற யோசனையை அடுத்தவர் சொல்ல மாட்டார்.

செய்தவற்றில் முக்கியமானது விளைவு. ‘ரீஸ்டார்ட் செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினால், அதனால் சரியானதா, சிறிது நேரம் சரியாகித் திரும்பப் போனதா, ஒன்றுமே ஆகவில்லையா என்பது தெரியாது. தெரியாதவர் மறுபடி அதையேதான் செய்யச் சொல்வார். பலன் தராத சோதனையையும் எழுதினால், அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லை என்று அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

துண்டிப்புப் பதிவு அப்படிப்பட்ட ஒன்று. வீட்டில் மின்சாரம் போனால், மோடம் அணைவதற்கு முன் கடைசியாக ஒரு சமிக்ஞையை நிறுவனத்தின் கருவிக்கு அனுப்பிவிட்டுத்தான் அணைகிறது. கேபிளில் ஒளி அறுந்தால் அதை அனுப்ப வழி இருக்காது. அதனால் இரண்டும் பதிவில் தனித்தனியாகத் தெரியும். ஐந்து முறையும் ஒளி இழப்பு என்றால் வீட்டின் மின்சாரத்தையோ சுவிட்சையோ சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒளியளவும் அப்படியே. மைனஸுக்குப் பிறகு வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. இவ்வகை இணைப்புகளில் பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடம் தடுமாறத் தொடங்கும். 22-லிருந்து 29-க்குப் போவது சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் மூன்று புள்ளி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும். ஏழு புள்ளி என்றால் முன்பு வந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. கண்ணாடியிழை கூர்மையாக மடங்கினால் ஒளி அங்கே வெளியே கசியும். காற்றில் ஆடும் கேபிளில் மடிப்பு இறுகும்போது இணைப்பு போகும், தளரும்போது வரும். செவ்வாய் காலை லைன்மேன் வந்தபோது எல்லாம் நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஏஜென்ட் இதைத் தனியாக ‘ஊகம்’ என்று எழுதியது சரி. பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வரியில் கலந்தால், அடுத்தவர் ஊகத்தை முடிவாக எடுத்துக்கொண்டு வேறு எதையும் தேட மாட்டார்.

வாக்குப் பகுதியில் சிக்கல் வேறு மாதிரி. திரையில் ‘48 மணி நேரத்துக்குள்’ என்ற விதி இருக்கும். பேச்சில் ஏஜென்ட், “நாளைக்கு வந்துடுவாங்க மேடம்” என்று சமாதானம் சொல்லியிருப்பார். மறுநாள் இரவு அவர் கோபத்தோடு அழைக்கும்போது எடுக்கும் புது ஆள், விதியைப் பார்த்து, “இன்னும் நேரம் இருக்கே மேடம்” என்பார். இருவர் பேச்சும் உண்மை. சண்டை மட்டும் வரும். அதனால் வாடிக்கையாளர் காதில் விழுந்த வாக்கு எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். ‘நாளை’ என்று எழுதினால் படிக்கிற நாளில் அதற்கு வேறு பொருள் வந்துவிடும். தேதி, கிழமை, நேரம் மூன்றும் வேண்டும். யார் செய்வார், எந்த எண்ணில் அழைப்பார் என்பதும் வேண்டும். சொல்லாத வாக்கையும் குறிப்பது நல்லது. கட்டணக் கழிவு பற்றிய கடைசி வாக்கியம் இல்லையென்றால், “உங்க ஆள் தர்றேன்னு சொன்னார்” என்ற பேச்சுக்கு அடுத்தவரிடம் பதில் இருக்காது.

குறிப்பில் வரக்கூடாதவையும் உண்டு. ‘கத்தினார், மோசமான வாடிக்கையாளர்’ என்று எழுதினால் அடுத்தவர் போனை எடுக்கும்போதே விறைப்பாகிவிடுவார். ‘மூன்றாவது அழைப்பு, தாமதத்தால் வருத்தத்தில் இருக்கிறார்’ என்றால் அதே தகவல், கூடவே காரணமும் இருக்கிறது. கார்டு எண், ஓடிபி, கடவுச்சொல் எதுவும் குறிப்பில் ஏறவே கூடாது. அந்த டிக்கெட்டைத் திறக்கும் அத்தனை பேரும் அதைப் படிக்க முடியும்.

நல்ல குறிப்பு எழுதப்பட்டதா என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். அடுத்த அழைப்பில் எதிர்முனையில் வரும் முதல் கேள்வி, “காலையில் லைன்மேன் வந்தாரா மேடம்? கம்பத்திலிருந்து வரும் கேபிளைப் பார்த்தாரா?” என்று இருந்தால் முந்தையவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

வாடிக்கையாளராக நாமும் கொஞ்சம் உதவலாம். போனை வைக்கும் முன், “இதுவரை என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். விட்டுப்போனது அப்போதே தெரியும். மரக்கிளை விஷயத்தை ஏற்றச் சொல்லலாம். தொலைத்தொடர்புப் புகார் என்றால், டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் தனி எண் தர வேண்டும். அந்த எண்ணை, சொன்ன தேதியோடும் நேரத்தோடும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன கெடுவுக்குள் வேலை நடக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த எண் தேவைப்படும். மறுபடி அழைக்கும்போது கதையை முதலிலிருந்து தொடங்காமல், “இந்த நம்பரில் உள்ள நோட்ஸைப் படிச்சிட்டுப் பேசுங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்று சொல்லுங்கள். படிக்க அவருக்கு அரை நிமிடம் கொடுத்தால், மோடத்தை இன்னொரு முறை அணைத்துப் போடும் வேலை உங்களுக்கு மிச்சம்.