வாந்தியில் போகும் காய்ச்சல் மருந்தும் சப்போசிட்டரியும்

சப்போசிட்டரி என்பது ஆசனவாய் வழியாக வைக்கப்படும் மருந்து. ஒரு முனை கூம்பிய, விரல் நுனி அளவுள்ள சிறு மெழுகுத் துண்டுபோல் இருக்கும். காய்ச்சல் குழந்தைகளுக்கான சப்போசிட்டரியில் இருப்பது, சிரப்பில் உள்ள அதே பாராசிட்டமால்தான். மலக்குடலின் சூட்டில் கொழுப்புப் பகுதி உருக, மருந்து அங்குள்ள இரத்தக் குழாய்கள் வழியாக உடலில் சேர்கிறது. இரைப்பைக்குப் போகாததால் வாந்தியில் வெளியே வருவதில்லை. ஆனால் மலக்குடலிலிருந்து மருந்து மெதுவாகவே உறிஞ்சப்படும்; முழுப் பலன் தெரிய 2 முதல் 3 மணி நேரம் ஆகலாம். அரை மணி நேரத்தில் சூடு இறங்கவில்லை என்று இன்னொன்று வைப்பது தவறு.

இந்தியாவில் 80, 170, 250 மில்லிகிராம் அளவுகளில் இது கிடைக்கிறது. எதை வைப்பது என்பதை வயதை விட எடையே முடிவு செய்கிறது. எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. இரண்டு வேளைக்கு இடையே 6 மணி நேரம் விட வேண்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. சிரப்பாகக் கொடுத்த பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், அந்தப் பாட்டில்களின் லேபிளையும் பார்க்க வேண்டும்.

12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம் வருகிறது. எனவே 170 பொருந்தும். இரவு 9 மணிக்குச் சிரப் குடித்த குழந்தை 9.10-க்கே வாந்தி எடுத்தால், மருந்து பெரும்பாலும் வெளியே போயிருக்கும். அதற்குப் பதிலாகச் சப்போசிட்டரி வைக்கலாம். வாந்தி 9.45-க்கு வந்திருந்தால், மருந்து உள்ளே சேர்ந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். அடுத்த வேளை அதிகாலை 3 மணிக்குத்தான். பொதுவாக, குடித்து அரை மணி நேரத்துக்குள் வந்த வாந்திக்கு மட்டுமே மருந்தைத் திரும்பக் கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அளவு மிஞ்சிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

வெயில் காலத்தில் சப்போசிட்டரி இளகிவிடும் என்பதால் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. தொட்டால் குழைகிறது என்றால், உறையோடு சில நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால் இறுகும். பிரிக்குமுன் பெயரையும் அளவையும் படிக்க வேண்டும். மலச்சிக்கலுக்கான சப்போசிட்டரிகளும் இதே தோற்றத்தில் இருக்கின்றன. மருந்து துண்டு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாததால், பாதியாக வெட்டி அளவைக் குறைப்பதும் சரியல்ல.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கைக்குழந்தை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, டயப்பர் மாற்றுவதுபோலக் கால்களைத் தூக்கிப் பிடிக்கலாம். வளர்ந்த குழந்தையை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்க வேண்டும். சப்போசிட்டரியைத் தண்ணீரில் நனைத்து, கூம்பிய முனை முன்னே போகும்படி ஆசனவாயில் மெதுவாகத் தள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குச் சுண்டுவிரல் போதும். சுமார் 2 சென்டிமீட்டர் உள்ளே போனதும் விரலை எடுத்துவிட்டு, பிட்டங்களைச் சேர்த்து சில நிமிடம் பிடித்திருந்தால் வெளியே வழுக்கி வராது. குழந்தை முக்கி அழும்போது தள்ளக் கூடாது. அழுகை தணியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வைத்த 15 நிமிடத்துக்குள் உருகாமல் முழுசாக வந்துவிட்டால் மறுபடி வைக்கலாம். உருகி வழிந்தாலோ, நேரம் கடந்து வந்தாலோ, எவ்வளவு உள்ளே சேர்ந்தது என்று தெரியாது. அடுத்த வேளைவரை காத்திருக்க வேண்டியதுதான். வயிற்றுப்போக்கு இருந்தால் மருந்து தங்காது. ஆசனவாயில் புண்ணோ இரத்தக் கசிவோ உள்ள குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கும், கல்லீரல் நோய் உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

சப்போசிட்டரி காய்ச்சலின் அவதியைக் குறைக்கும். வாந்தியை நிறுத்தாது, அதனால் இழந்த நீரை ஈடுகட்டாது. வாந்தி நின்ற சிறிது நேரத்தில் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுத்துவர வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், வலிப்பு, பச்சை நிறத்திலோ இரத்தத்தோடோ வாந்தி, கடுமையான வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, வீட்டில் மருந்து வைத்துப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் காட்ட வேண்டும்.